முதல் பட்டதாரி சான்றுக்கு ஐந்நூறு ரூபாய்: கொடுப்பதா, முட்டிமோதுவதா, புகார் செய்வதா?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்து பொறியியல் சேர்க்கைக்கு விண்ணப்பம் போடும் நாட்களில் குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழும். சான்று உண்மையானது, தகுதியும் இருக்கிறது, தாள்களும் சரி. ஆனால் கோப்பு நகரவில்லை. "சாரைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க" என்று யாரோ ஒருவர் சொல்கிறார். பொய்ச் சான்றுக்குப் பணம் கொடுப்பது தப்பு என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. நமக்கு உரியதை வாங்கவே பணம் கொடுக்கலாமா என்பதில்தான் நல்ல மனிதர்களும் தடுமாறுகிறார்கள். ஆகவே வருமானச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை வாங்கித் தரும் முதல் பட்டதாரி சான்று ஒன்றை மட்டும் வைத்துப் பார்ப்போம். இதில் கடைசித் தேதி என்ற கத்தி தொங்குவதால் சிக்கல் முழுதாகத் தெரியும்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். மாவட்டத்தின் மேற்குப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. அம்மா பிறந்து படித்தது களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்துப் பாறசாலை பக்கம். அண்ணன் ஐடிஐ முடித்தவன். மகள்தான் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்து மூன்று வாரம் ஆகிறது. சேர்க்கைக்குச் சான்று பதிவேற்ற இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலகத்தில் உதவிக்கு நிற்கும் ஒருவர் அப்பாவிடம், "அஞ்ஞூறு வச்சா நாளைக்கே போயிரும் அண்ணே" என்கிறார்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது?

நான்கு கேள்விகள் போதும்.

கோப்பு ஏன் நிற்கிறது? பணத்துக்காக நிறுத்தியிருக்கிறார்களா, தாளில் குறையா, அல்லது வேலை குவிந்து கிடக்கிறதா? இது தெரியாமல் மற்ற மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாது.

பணம் எதை வாங்குகிறது? என் உரிமையை மட்டும் மீட்கிறதா, இன்னொருவருடைய முறையையும் சேர்த்துத் தட்டிப் பறிக்கிறதா?

தேதிக்குள் கிடைக்குமா? தேதி தவறினால் இழப்பு யாருக்கு?

பிறகு என்ன மிஞ்சும்? சட்டத்தின் முன் நம் நிலை, அதே அலுவலகத்துக்கு மறுபடி போகும்போது நம் நிலை, நமக்குப் பின் வரிசையில் நிற்பவரின் நிலை.

முதல் கேள்வியில் சற்று நின்று பேச வேண்டும். பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அதற்குமேல் வட்டாட்சியர் அலுவலகம் என்று படியேறும். tnesevai.tn.gov.in தளத்தில் TN- என்று தொடங்கும் விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கலாம். இங்கேதான் முதல் தடங்கல். விண்ணப்பம் போடும்போது, இ-சேவையில் விண்ணப்பதாரருக்குத் தரும் சிஏஎன் எண்ணின் பதிவில் யாருடைய கைபேசி எண்ணைக் கொடுத்தீர்கள்? மையத்துக்காரரோ இடைத்தரகரோ தன் எண்ணைப் போட்டிருந்தால், "ஆவணம் தேவை" என்று திருப்பி அனுப்பிய செய்தி அவருக்குத்தான் போயிருக்கும். நீங்களோ "கோப்பை அமுக்கி வச்சிருக்காங்க" என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

நம் உதாரணத்தில் அப்படி ஒரு குறை இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. முதல் பட்டதாரி சான்றுக்கு அப்பா, அம்மா, அண்ணன், தாத்தா பாட்டி வரை குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்பது தெரிய வேண்டும். அப்பாவின் பள்ளிப் பதிவை உள்ளூரில் விசாரித்துவிடலாம். அம்மா படித்ததோ அடுத்த மாநிலத்தில். மாற்றுச் சான்றிதழ் மலையாளத்தில் இருக்கும், அல்லது அதில் வீட்டுப் பெயர் முன்னால் நிற்க, ஆதாரில் கணவர் பெயர் பின்னால் ஒட்டியிருக்கும். இரண்டும் ஒரே ஆளா என்று அலுவலர் தயங்குவது நியாயம்தான். இதைத் தீர்க்க ஐந்நூறு தேவையில்லை. அம்மாவின் பள்ளிச் சான்று, அதன் தமிழாக்கம், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அம்மா கையெழுத்திட்ட உறுதிமொழி, குடும்ப அட்டை நகல் ஆகியவற்றை ஒரே கட்டாக நேரில் கொண்டுபோய், "வேறு என்ன குறை என்று சொல்லுங்கள் சார், எழுதிக்கொள்கிறேன்" என்று கேட்க வேண்டும். குறை இருந்தால் சொல்வார். குறையே இல்லாமல், "பார்ப்போம், அப்புறம் வாங்க" என்று இரண்டு முறை சொன்னாலோ, பேச்சு நேரே பணத்துக்குத் திரும்பினாலோ அதுதான் நிறுத்திவைத்த கோப்பு.

இதைச் சோதிக்காமல் பணம் கொடுப்பவர், யாரும் கேட்காத லஞ்சத்தைத் தானாகவே கொடுக்கிறார். சட்டத்திலும் நியாயத்திலும் மிக மோசமான இடம் அதுதான்.

## வழி 1: கொடுத்துவிடுவது

இதன் பக்கம் இருக்கும் நியாயத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அப்பா யாரையும் ஏமாற்றவில்லை. அரசு தருவதாகச் சொன்ன கட்டணச் சலுகையைத்தான் கேட்கிறார். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் பால்வெட்டு பல நாள் நின்றுபோகும். கூலி வராத நாட்களில் பேருந்து ஏறி அலுவலகத்துக்கு நடப்பது ஐந்நூறைவிடச் செலவு பிடித்த வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, தேதி தவறினால் இழப்பு அவருக்கு அல்ல, மகளுக்கு. தன் கொள்கைக்காகத் தன் பங்கை இழக்க ஒருவருக்கு உரிமை உண்டு. பிள்ளையின் பங்கை இழக்க அந்த உரிமை நீளாது. இதனால் கொடுத்தவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பருவத்தில் கிராம நிர்வாக அலுவலரின் கணினியில் ஒரு விண்ணப்பம் மட்டும் காத்திருப்பதில்லை. அதே கிராமத்துப் பிள்ளைகளின் வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி என எல்லாம் ஒன்றாக வந்து குவியும். வேலைப்பளுவால் எல்லாமே மெதுவாக நகரும்போது நான் கொடுக்கும் ஐந்நூறு என் கோப்பை மேலே தூக்குகிறது. அந்த அளவுக்கு இன்னொரு பிள்ளையின் கோப்பு கீழே போகிறது. அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் ஐந்நூறு இல்லாமல் இருக்கலாம். அப்போது நான் வாங்கியது என் உரிமையை அல்ல, அவருடைய முறையை. மாறாக, மற்றவை எல்லாம் போய்விட, என்னுடையதை மட்டும் பணத்துக்காகப் பிடித்து வைத்திருந்தால் நான் கொடுப்பதால் யாரும் பின்னுக்குப் போவதில்லை. அங்கே நான் பணயத்தொகை கொடுத்தவன். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே ஐந்நூறுதான். செயல் வேறு.

சட்டம் இதில் சுற்றி வளைப்பதில்லை. ஊழல் தடுப்புச் சட்டம் 1988இல் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. அலுவலர் செய்ய வேண்டிய வேலையைச் சரியாகவே செய்தாலும், அதற்குப் பணம் வாங்குவது குற்றம். குடும்ப அட்டை விண்ணப்பத்தை நேரத்துக்குள் முடிக்க ஐயாயிரம் கேட்கும் அலுவலரையே அந்தச் சட்டம் உதாரணமாக எழுதி வைத்திருக்கிறது. திருத்தத்துக்குப் பிறகு, கொடுப்பவரும் பிரிவு 8இன் கீழ் குற்றவாளி. ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது: கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர், கொடுத்த ஏழு நாளுக்குள் காவல் துறைக்கோ லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ தெரிவித்துவிட்டால் அவர் மீது குற்றமில்லை. கேட்காமலே "மரியாதைக்கு" நீட்டியவருக்கு இந்த வாசல் இல்லை.

மறைந்திருக்கும் செலவு தரகர் வழியில்தான் கூடுதல். அலுவலகத்துக்கு ஐந்நூறு என்றால் தரகர் ஆயிரத்தைந்நூறு சொல்வார்; மீதி யாருக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அலுவலர் பணமே கேட்காமல் இருந்திருக்கலாம். இரண்டு நாளில் தானாக வரவிருந்த சான்றைத் தன் சாமர்த்தியம் என்று தரகர் விற்றிருக்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து, வேலை சுலபமாக முடிய அவர் விண்ணப்பத்திலேயே கை வைப்பது. அம்மாவின் பள்ளிச் சான்று சிக்கல் தருகிறது என்று "படிக்கவில்லை" எனப் போட்டுவிட்டால், அதுவரை உண்மையாக இருந்த சான்று அந்த ஒரு வரியால் பொய்யாகிவிடும். பின்னால் யாராவது கிளப்பினால் சான்று ரத்தாகும், சலுகைத் தொகை திரும்பக் கேட்கப்படும், பதில் சொல்ல வேண்டியது தரகர் அல்ல, மகள். ஏற்கெனவே தரகர் வழியில் போயிருந்தால் விண்ணப்பத்தின் நகலை வாங்கி ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள்.

எப்போது இதை மன்னிக்கலாம்: குறை இல்லை என்று உறுதியான பிறகு, அலுவலகத்தில் வெளிப்படையாகப் பணம் கேட்டு, மேலே போய்ச் சொல்ல நாளும் இல்லாத நிலையில். அப்போதும் ஏழு நாள் வாசலை மனத்தில் வைத்துக்கொண்டு.

## வழி 2: ஆளைப் பிடிப்பது

கவுன்சிலர், கட்சிக்காரர், பங்குத்தந்தை, கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் சித்தப்பா. "நாங்க காசு கொடுக்கல, ஒரு போன் போட்டோம்" என்று பலர் இதைச் சுத்தமான வழியாகக் கருதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வரிசையைத் தாண்டுவதில் காசுக்கும் போனுக்கும் வித்தியாசம் கிடையாது. சித்தப்பா இல்லாத வீட்டுப் பிள்ளை இரண்டிலும் பின்னுக்குத்தான் போகும். சட்டத்தில் இது லஞ்சம் ஆகாது என்பது உண்மை. ஆனால் கடன் நிற்கும். தேர்தலிலோ பத்திரப் பதிவிலோ என்றாவது திரும்பக் கேட்கப்படும்.

ஆளைப் பிடிப்பதில் ஒரு வகை மட்டும் நியாயமானது. "இந்தக் கோப்பை முன்னால் எடுங்க" என்று சொல்லாமல், "இதில் என்ன குறை, எப்போது பார்ப்பீர்கள்?" என்று கேட்க மட்டும் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப்போவது. அப்பாவுக்கு அலுவலகத்தில் பேச்சு வராமல் போகலாம். ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்றால் பதிலின் தொனியே மாறும். இதனால் யாருடைய முறையும் போவதில்லை.

## வழி 3: கொடுக்காமல், மேலே போய்க் கேட்பது

இதைப் பற்றி நல்ல நம்பிக்கைகள் நிறைய உலவுகின்றன. பன்னிரண்டு நாளுக்குள் எது உதவும், எது உதவாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தகவல் உரிமை மனு இந்தத் தேதிக்கு உதவாது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. ஆனால், "என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் வந்தது, எந்தத் தேதியில் அடுத்தவருக்குப் போனது, தாமதத்துக்குப் பதிவான காரணம் என்ன" என்ற மூன்றே கேள்விகளோடு போகும் மனு பின்னாளில் புகாருக்குச் சாட்சியாகும். சான்று கையில் வந்த பிறகும் அனுப்பலாம்.

முதல்வர் உதவி மையத்தின் 1100க்குப் பேசினால் மனு எண் கிடைக்கும். அந்த மனு கீழே இறங்கி, பதில் எழுதச் சொல்லி அதே வட்டாட்சியர் அலுவலகத்துக்கே வரும். இதைத் தெரிந்துகொண்டு பேசினால் பயன் உண்டு. "லஞ்சம் கேட்கிறார்கள்" என்று பொதுவாகச் சொன்னால் "விசாரித்ததில் அப்படி ஏதும் இல்லை" என்று பதில் வந்து மனு முடிந்துவிடும். "இந்த எண், இந்தத் தேதி முதல் இந்தப் படியில் நிற்கிறது, இந்த நாள் சேர்க்கைக்குக் கடைசி" என்று சொன்னால், பதில் எழுதுவதைவிடக் கோப்பை முடிப்பது அவர்களுக்குச் சுலபம்.

நாள் குறைவாக இருக்கும்போது மிக வேகமானது நேரில் போவதுதான். கிராம நிர்வாக அலுவலரைத் தாண்டி வட்டாட்சியரையே பாருங்கள். அங்கும் நகரவில்லை என்றால் கோட்ட அளவில். அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களுக்கு நாகர்கோவில் கோட்டம். கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டாறு வட்டங்களுக்குப் பத்மநாபபுரம் கோட்டம். திங்கட்கிழமை நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பன்னிரண்டு நாளில் குறைந்தது ஒரு திங்கள் வந்தே தீரும். அதைக் கைவிடக் கூடாது. மனு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். முதல் வரியிலேயே விண்ணப்ப எண்ணும் கடைசித் தேதியும் வர வேண்டும். மகளையும் கூட்டிப்போங்கள். விண்ணப்பம் அவளுடையது, அவள் பேசினால் கேட்பவருக்கு விஷயம் உடனே விளங்கும்.

அத்தோடு, கடைசித் தேதி உண்மையில் எது என்று சேர்க்கை சேவை மையத்தில் கேளுங்கள். விண்ணப்பப் பதிவுக்கு ஒரு தேதி, சான்றுகளைப் பதிவேற்ற இன்னொரு தேதி என்று இரண்டு இருப்பது வழக்கம். முந்தைய தேதியைக் கடைசி என்று நினைத்து அவசரப்பட்டுப் பணம் கொடுப்பவர்கள் உண்டு.

இந்த வழியின் மறைந்த செலவு, கூலி போகும் நாட்களும், "மேலே போய்ச் சொன்ன ஆள்" என்ற பெயரும். அதே அலுவலரிடம் நாளைக்குப் பட்டாவுக்கும் போக வேண்டும் என்ற பயம் வீணானது அல்ல. மனுவில் பணப் பேச்சை எழுதாமல் தாமதத்தை மட்டும் எழுதினால் அந்தப் பகை பெரும்பாலும் வராது. பணப் பேச்சை எழுதுவதாக இருந்தால் அதற்கு வேறு இடம் இருக்கிறது.

## வழி 4: லஞ்ச ஒழிப்புத் துறை

நாகர்கோவிலில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையின் அலுவலகம் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1064. எழுத்தில் புகார் கொடுத்தால், கேட்டது உண்மையா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு வழக்குப் பதிந்து பொறி வைப்பார்கள். ரூபாய் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு பினாப்தலின் பொடி தடவித் தருவார்கள். வேறு துறையைச் சேர்ந்த அரசு ஊழியர்கள் சாட்சிகளாக உடன் வருவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் கரைசல் இளஞ்சிவப்பாகும். இப்படித் துறைக்குத் தெரிவித்துவிட்டுக் கொடுக்கும் பணம் கொடுத்தவருக்குக் குற்றமாகாது என்று சட்டமே சொல்கிறது.

இங்கே வழக்கு தோற்பது பணம் கைமாறாததால் அல்ல, கேட்டது நிரூபிக்கப்படாததால். கையில் பணம் இருந்தது என்பது மட்டும் போதாது, கேட்டதும் வாங்கியதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் மறுபடி உறுதி செய்தது. சூழ்நிலைச் சாட்சியம் கொண்டும் அதை நிரூபிக்கலாம் என்றும் சொன்னது. ஆகவே "கவனிச்சுக்கோங்க" என்ற சொல்லை வைத்துக்கொண்டு அதிகம் செய்ய முடியாது. "எவ்வளவு சார், யாரிடம் கொடுக்கணும்?" என்று கேட்டு வரும் பதில்தான் புகாரின் உயிர். நம் உதாரணத்தில் கேட்டது உதவிக்கு நிற்கும் ஆள். அலுவலருக்குத் தெரிந்து கேட்டாரா, தன் பாக்கெட்டுக்குக் கேட்டாரா என்பது புகார் கொடுக்கும்போது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

செலவு என்ன? ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டி வரும். ஊரில் பேச்சு வரும். ஐந்நூறுக்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பில் கைவைத்தோமோ என்ற உறுத்தல் சிலருக்கு இருக்கும். அந்த உறுத்தலை நான் மதிக்கிறேன். ஆனால் வழக்கமாகக் கேட்பவர் உங்களிடம் மட்டும் கேட்டிருக்க மாட்டார் என்பதையும் அதோடு சேர்த்து எடைபோடுங்கள். தொகை வளர்ந்துகொண்டே போவது, பலரிடம் கேட்பது, கொடுக்காதவருடைய கோப்பை வேண்டுமென்றே திருப்பி அனுப்புவது ஆகியவை தெரிந்தால் இந்த வழிதான் சரி.

## ஒரே பார்வையில்

| | கொடுப்பது | ஆளைப் பிடிப்பது | மேலே கேட்பது | லஞ்ச ஒழிப்பு |
|---|---|---|---|---|
| தாளில் குறை இருந்தால் | பணம் வீண் | குறை தெரியவரலாம் | குறை தெரியவரும் | பொருந்தாது |
| 12 நாளுக்குள் | பெரும்பாலும் கிடைக்கும் | பெரும்பாலும் கிடைக்கும் | நேரில் போனால் வாய்ப்பு நல்லது | உறுதி இல்லை |
| அடுத்தவர் முறை | போகலாம் | போகலாம் | போகாது | போகாது |
| சட்டம் | குற்றம். 7 நாள் விலக்கு மட்டும் | லஞ்சம் ஆகாது | பாதுகாப்பு | பாதுகாப்பு |
| மறைந்த செலவு | தரகர், திருத்திய விண்ணப்பம் | கடன் | கூலி நாட்கள் | சாட்சி, ஊர்ப்பேச்சு |

## அந்தக் குடும்பம் என்ன செய்யலாம்?

முதல் இரண்டு நாள் குறையைத் தேடுவதற்கு. அம்மாவின் தாள்களைக் கட்டாகக் கொடுத்து, கைபேசி எண்ணைச் சரிபார்த்து, பதிவேற்றத் தேதியைச் சேர்க்கை மையத்தில் கேட்டுவிடலாம். மூன்றாம் நாளிலிருந்து வட்டாட்சியர், நடுவில் வரும் திங்களில் ஆட்சியர் அலுவலகம், கூடவே 1100. எட்டாம் நாள்வரை ஒரு அசைவும் இல்லாமல், பணப் பேச்சு மட்டும் தெளிவாக இருந்தால் 1064. வாய்ப்புள்ளவர்கள் இதையெல்லாம் தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே தொடங்கினால், மதிப்பெண் வரும்போது சான்று கையில் இருக்கும். அப்போது யாரும் தேதியைக் காட்டி மிரட்ட முடியாது.

பன்னிரண்டாம் நாளும் வந்து, வேறு வழியின்றி அப்பா கொடுத்தே விட்டார் என்று வையுங்கள். அதை மகளிடம் மறைக்க வேண்டாம். அவள் பெயரில் வரும் சான்று அது. அன்றே ஒரு தாளில் யார் கேட்டார், என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார், எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு, யார் கையில் கொடுத்தது, உடன் யார் இருந்தார் என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். கூகுள் பேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் படத்தை எடுத்து வைக்க வேண்டும். சான்று பதிவேறியதை உறுதி செய்துவிட்டு, அந்தத் தாளோடு நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏறலாம். ஏழு நாள் என்பது கொடுத்த நாளிலிருந்து. சான்று வந்த நாளிலிருந்து அல்ல. சான்று வரத் தாமதமானால் அதற்காகக் காத்திருந்து அந்த ஏழு நாளைத் தவறவிடக் கூடாது.